பிடுங்குவதா, பார்த்திருப்பதா?

1986-ல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அதைத் துருவப்போன கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர், யாரோ கள்ளத்தனமாக உள்ளே வந்துபோவதைக் கண்டுபிடித்தார். அப்போதே கதவைச் சாத்தியிருக்கலாம்; சாத்தவில்லை. அக்கம்பக்கத்து மேசைகளிலிருந்து பிரிண்டர்களைத் தூக்கிவந்து, வெளியிலிருந்து வரும் மோடம் இணைப்புகளில் மாட்டினார். வந்தவன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் தாளில் விழுந்தது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, ஜெர்மனியின் ஹனோவரிலிருந்த மார்க்கஸ் ஹெஸ் சிக்கினான். களவாடியதைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்த கும்பல் அது.

இந்தக் கதையைச் சொல்லி, "வைரஸ் வந்த லேப்டாப்பை உடனே துண்டிக்காதீங்க, கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம்" என்பவர்கள் உண்டு. ஸ்டோலிடம் இருந்த இரண்டு வசதிகளை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவருடைய கண்காணிப்பு, திருடன் புழங்கிய கணினிக்கு வெளியே இருந்தது. அவனால் அதைப் பார்க்கவே முடியாது. அவன் முக்கியமான எதையாவது எடுக்கப்போனால், ஸ்டோல் சாவிக்கொத்தை இணைப்புக் கம்பிகளில் உரசுவார். லைனில் இரைச்சல் கிளம்பும். டெலிபோன் கோளாறு என்று அவன் நினைத்துக்கொள்வான். பார்த்துக்கொண்டே இருந்தாலும், நிறுத்தும் வழி ஸ்டோலின் கையிலேயே இருந்தது.

நம் அலுவலகத்துக்கு வருவோம். காலை 10.10. கணக்குப் பிரிவு லேப்டாப்பில், 'இன்வாய்ஸ்' என்று மெயிலில் வந்த ஃபைலை ஒருவர் திறந்துவிட்டார். ஆன்டிவைரஸ் ஒருமுறை கத்திவிட்டு அடங்கிவிட்டது. கணினிப் பொறுப்பாளர் வந்து இப்படிப் பார்க்கிறார்:

```
netstat -ano
```

யாருக்கும் தெரியாத ஒரு வெளி முகவரியோடு லேப்டாப் பேசிக்கொண்டிருக்கிறது. "இருபது நிமிஷம் விடுங்க சார், என்ன பண்ணுதுன்னு பார்த்துடறேன்" என்கிறார்.

அந்த இருபது நிமிடத்தில் அவருக்கு என்ன கிடைக்கும்? முக்கியமான தடயம் அந்த வெளி முகவரி. அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. அலுவலகத்தில் வேறு யாருடைய கணினி அதே முகவரியைத் தொடுகிறது என்பது ஃபயர்வால் பதிவில் இருக்கும். அதைத் தேட இந்த லேப்டாப் இணைப்பில் இருக்கத் தேவையே இல்லை. ஸ்டோலின் பிரிண்டர் செய்த வேலையை இன்று செய்வது அந்தப் பதிவுதான். மாறாக, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், பேங்க், மெயில் லாகின்களையும் வாரிக்கொண்டு போக, திருட்டு மென்பொருளுக்குச் சில நிமிடங்களே போதும். பொதுக் கோப்புகள் உள்ள டிரைவும் இதே லேப்டாப்பில் திறந்து கிடக்கிறது.

ஆகவே பிடுங்குங்கள். லேன் கேபிளை உருவி, வைஃபையை அணைத்து, செல்போன் ஹாட்ஸ்பாட்டும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் லேப்டாப்பை ஷட்டவுன் செய்யாதீர்கள். சார்ஜரைச் செருகி அப்படியே வையுங்கள். பலர் தவறுவது இங்கேதான். மெமரியில் மட்டும் இருக்கிற தடயம் மின்சாரம் போனதும் அழிந்துவிடும். 2017 மே மாதம் வானாக்ரை தாக்கியபோது, பழைய விண்டோஸ் கணினிகள் சிலவற்றின் மெமரியில் பூட்டைத் திறக்கும் சாவிக்கான எண்கள் மிச்சமிருந்தன. ரீஸ்டார்ட் செய்யாதவர்களில் சிலருக்கு, பணம் கட்டாமலேயே ஃபைல்கள் திரும்பக் கிடைத்தன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஃபயர்வால் பதிவைப் பார்த்தால் இன்னும் மூன்று கணினிகள் அதே முகவரியோடு பேசுகின்றன என்று வையுங்கள். ஒன்றை மட்டும் துண்டித்தால், அந்தப் பக்கம் இருப்பவன் உஷாராகி, மற்ற மூன்றிலும் வேறு வழி போட்டுக்கொள்வான். அப்போது எத்தனை கணினிகள் என்று எண்ணி முடிக்கும்வரை பொறுத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அறுப்பது நியாயம். அதற்கும் கெடு வேண்டும்; கண்ணெடுக்காமல் பார்க்க ஓர் ஆளும் வேண்டும். ஃபைல் பெயர்கள் மாறத் தொடங்கினாலோ, வெளியே போகும் டேட்டா திடீரென்று எகிறினாலோ, அட்மின் கணக்கில் யாரோ சர்வருக்குள் நுழைந்தாலோ, எண்ணிக்கை முடியாவிட்டாலும் அறுத்துவிட வேண்டியதுதான். அப்படி ஓர் ஆளை உட்காரவைக்க முடியாத அலுவலகத்துக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது.

துண்டித்த பிறகு, வேறொரு கணினியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்-அவுட் கொடுங்கள். திருடியது லாகின் குக்கியாக இருந்தால், பாஸ்வேர்டை மாற்றினாலும் அவன் உள்ளேயே இருக்கக்கூடும்.

எத்தனை மணிக்குக் கவனித்தோம், எத்தனை மணிக்குத் துண்டித்தோம் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் உத்தரவின்படி, இந்திய நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 10.10-க்குக் கவனித்திருந்தால், மாலை 4.10 வரைதான் நேரம்.