லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு எந்த வாஷிங் மெஷின்?

வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனால் விற்பனையாளர் நட்சத்திரத்தைக் காட்டுவார், இன்வெர்ட்டர் மோட்டாரைப் பற்றிச் சொல்வார், நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பார், மாதத் தவணைக் கணக்கும் போட்டுத் தருவார். உங்கள் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று மட்டும் பெரும்பாலும் கேட்க மாட்டார். ஃப்ரண்ட் லோடா, டாப் லோடா என்பதை முடிவு செய்ய அந்த ஒரு கேள்வியே பாதி விடை தந்துவிடும்.

டாப் லோடு மெஷினில் தொட்டி நிமிர்ந்து நிற்கிறது. அடியில் இருக்கும் வட்டத் தட்டு சுழன்று தண்ணீரைக் கலக்க, துணி அதோடு சேர்ந்து புரள்கிறது. துணி மிதந்து புரள வேண்டுமென்றால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாக வேண்டும். ஃப்ரண்ட் லோடில் டிரம் படுத்திருக்கிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். டிரம் சுழலும்போது உள்ளே இருக்கும் துடுப்புகள் துணியை மேலே தூக்கிப் போக, அது உச்சியிலிருந்து அந்தத் தண்ணீரில் விழுகிறது. விழுந்து அடிபடுவதிலேயே அழுக்குப் போய்விடுகிறது. அதனால் ஏழு கிலோ மெஷினை நிறைத்துத் துவைத்தால் டாப் லோடு 100 முதல் 150 லிட்டர் வரை குடிக்கும். ஃப்ரண்ட் லோடுக்கு 50 முதல் 70 லிட்டர் போதும். துணியின் எடையைப் பார்த்துத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் டாப் லோடு மெஷின்களும் இருக்கின்றன. இருந்தாலும் இடைவெளி இடைவெளிதான்.

இதைப் பணமாக மாற்றிப் பார்க்கலாம். சென்னையின் புறநகரில் ஓர் அடுக்ககம், நான்கு பேர் உள்ள குடும்பம், வாரத்துக்கு ஐந்து முறை துவைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 260 முறை. ஒரு முறைக்கு டாப் லோடு 120 லிட்டர், ஃப்ரண்ட் லோடு 60 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 15,600 லிட்டர் மிச்சம். 12,000 லிட்டர் லாரி 2,000 ரூபாய் என்று கொண்டால், மிச்சமாகும் தண்ணீரின் விலை ஆண்டுக்கு 2,600 ரூபாய். பத்து ஆண்டுகளில் 26,000 ரூபாய்.

இனி எதிர்ப்பக்கம். ஏழு கிலோ டாப் லோடு ஏறக்குறைய 18,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே அளவு ஃப்ரண்ட் லோடுக்கு 30,000 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். இரண்டிலும் முன்பின் உண்டு. இங்கே வித்தியாசத்தை 12,000 ரூபாய் என்று கொள்கிறேன். அடுத்தது மின்சாரம். ஃப்ரண்ட் லோடில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் இருக்கிறது, சுமார் 2,000 வாட். எப்போதும் 40 டிகிரியில் துவைத்தால் ஒரு முறைக்கு அரை யூனிட் கூடுதலாக ஆகும். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தால் பத்து ஆண்டுகளுக்கு 7,800 ரூபாய். குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் இந்தச் செலவு ஏறக்குறைய இல்லை. பழுதுச் செலவை டாப் லோடுக்கு 6,000, ஃப்ரண்ட் லோடுக்கு 15,000 என்று போடுகிறேன். ஏன் அப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கூட்டிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் லாரித் தண்ணீர் வாங்கி, குளிர்ந்த தண்ணீரிலேயே துவைக்கும் வீட்டில் ஃப்ரண்ட் லோடு பத்து ஆண்டுகளில் 5,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும். சூடாகத் துவைத்தால் 2,800 ரூபாய் நட்டம். கோடையில் மூன்று மாதம் மட்டும் லாரி வருகிற வீட்டில் தண்ணீர் மிச்சம் 6,500 ரூபாய்தான். அங்கே குளிர்ந்த தண்ணீரில் துவைத்தாலும் ஃப்ரண்ட் லோடு 14,500 ரூபாய் பின்தங்கிவிடுகிறது. சொந்தக் கிணறோ, தடையில்லாத நகராட்சித் தண்ணீரோ இருக்கும் வீட்டில் கணக்கே போட வேண்டாம். பணத்தை மட்டும் பார்த்தால் டாப் லோடுதான்.

பணம் மட்டுமே காரணம் இல்லை என்பதும் உண்மை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோது, காசு கொடுத்தாலும் லாரி வராத நாட்கள் இருந்தன. அப்போது 60 லிட்டர் என்பது ரூபாயில் அளக்கிற விஷயமாக இல்லை. ஃப்ரண்ட் லோடில் துணி குறைவாக நைகிறது, கறை நன்றாகப் போகிறது, வேகமாகச் சுற்றிப் பிழிவதால் மழைக்காலத்திலும் சீக்கிரம் உலர்கிறது. டாப் லோடில் குனியாமல் துணி போடலாம், பாதியில் நிறுத்தி மறந்துபோன சட்டையைச் சேர்க்கலாம். முழங்கால் வலிக்காரர்கள் இருக்கும் வீட்டில் இந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

இப்போது பழுதுக்கு வருவோம். ஃப்ரண்ட் லோடு டிரம் படுத்திருப்பதால் அதன் எடை முழுவதையும் பின்பக்கத்தில் உள்ள ஒரு தண்டும் இரண்டு பேரிங்குகளும் மட்டுமே தாங்குகின்றன. முன்பக்கம் எந்தப் பிடிப்பும் கிடையாது. ஏழு கிலோ உலர்ந்த துணி நனைந்தால் அதைப்போல இருமடங்குக்கு நெருங்கிவிடும். அந்தப் பாரத்தோடு நிமிடத்துக்கு 1,000, 1,200 சுற்று சுற்றும்போது பேரிங் தேய்வது இயல்பு. பேரிங்குக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பது ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். அது தேய்ந்துவிட்டால் தண்ணீர் கசிந்து உள்ளே போய், கிரீஸைக் கழுவி, பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. பிழியும்போது மெஷின் உறும ஆரம்பிப்பது அப்போதுதான்.

இதைவிடப் பெரிய வில்லன் டிரம்மின் முதுகில் இருக்கும் மூன்று கை அலுமினியச் சட்டம். மெக்கானிக்குகள் ஸ்பைடர் என்பார்கள். டிரம் எவர்சில்வர், சட்டம் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு நின்றால் அவற்றில் அலுமினியம் அரிக்கப்படும். சோப்புத் தூளின் காரம் அதை விரைவுபடுத்துகிறது. போர் தண்ணீரில் நுரை வராது. உடனே நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு கரண்டி தூள் போடுகிறோம். அந்தத் தூள் கரையாமல் தொட்டியின் பின்புறத்தில் சேறாகப் படிந்து, ஈரத்தோடு சட்டத்தைத் தின்கிறது. வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஒரு நாள் சட்டம் முறியும், டிரம் ஆடித் தொட்டியில் இடிக்கும். லாரித் தண்ணீரும் பெரும்பாலும் எங்கோ ஒரு போரில் இறைத்ததுதான் என்பதால், எந்த வீட்டில் ஃப்ரண்ட் லோடு தண்ணீரை மிச்சம் பிடித்துப் பணம் சம்பாதித்துத் தருகிறதோ, அதே வீட்டில்தான் அது சீக்கிரம் கெட்டும் போகிறது.

செலவு எவ்வளவு? கதவைச் சுற்றியுள்ள கேஸ்கட் கிழிந்தால் வேலைக்கூலியோடு ஏறக்குறைய 2,000 முதல் 3,500 ரூபாய். பேரிங்கும் சீலும் மாற்ற 4,000 முதல் 7,000 வரை. ஆனால் பல மெஷின்களில் வெளித்தொட்டியை இரண்டாகப் பிரிக்கவே முடியாதபடி ஒட்டி மூடியிருப்பார்கள். அப்படியானால் பேரிங் போனாலும் முழுத் தொட்டியையே மாற்றச் சொல்வார்கள். 10,000 ரூபாயைத் தாண்டிவிடும். டாப் லோடில் அடிக்கடி கெடுவது தொட்டியைத் தொங்கவிடும் நான்கு கம்பிகள், வடிகால் மோட்டார், தண்ணீர் உள்ளே வரும் வால்வு ஆகியவை. பெரும்பாலும் ஒன்றிரண்டாயிரத்தில் முடியும், தெருமுனை மெக்கானிக்கே செய்துவிடுவார். அடியிலிருக்கும் கியர்பாக்ஸ் போனால் மட்டும் நான்காயிரம் வரை இழுக்கும். எலக்ட்ரானிக் போர்டு இரண்டு வகையிலும் கெடும். மின்னழுத்தம் ஏறி இறங்குகிற தெருவில் அதற்குப் பாரபட்சம் இல்லை.

ஆயுளைப் பொறுத்தவரை, டாப் லோடு பத்து முதல் பன்னிரண்டு ஆண்டு ஓடுவது சாதாரணம். நல்ல தண்ணீரில் ஃப்ரண்ட் லோடும் அதே அளவு ஓடும். உப்புத் தண்ணீரில் ஆறாவது ஏழாவது ஆண்டிலேயே தொட்டி மாற்றும் கேள்வி வந்து நிற்கும். மெஷின் மேல் பெரிதாக ஒட்டியிருக்கும் பத்து ஆண்டு வாரன்டி என்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். நான் மேலே சொன்ன எதற்கும் அது பயன்படாது. அந்த மோட்டார் கெடுவதும் அரிது.

ஏற்கெனவே ஃப்ரண்ட் லோடு வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடினால் பரவாயில்லை. டிரம் மட்டும் தனியாகக் கடகடவென்று அசைந்தால் பேரிங் போய்விட்டது, அல்லது ஸ்பைடர் முறியும் நிலையில் இருக்கிறது. பிறகு கையால் மெல்லச் சுற்றுங்கள்; மணல் அரைபடும் ஓசை கேட்டால் பேரிங்தான். வெளுத்த துணியில் கருப்பு எண்ணெய்க் கறை தெரிந்தால் சீல் ஒழுகுகிறது. இந்தக் கட்டத்திலேயே பிரித்தால் சில ஆயிரங்களோடு போகும்.

கெடாமல் காப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். நுரை குறைவாக வரும், ஃப்ரண்ட் லோடுக்கென்றே விற்கும் சோப்பைப் போடுங்கள். சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். மாதம் ஒரு முறை துணி இல்லாமல், உப்பு நீக்கும் பொடியைப் போட்டு அதிக வெப்பத்தில் ஓடவிடுங்கள். ஹீட்டரின் மேல் படிந்த வெள்ளை ஓடும் தொட்டியின் பின்புறச் சேறும் கரைந்து போகும். துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே வையுங்கள்.

வாங்கும் முன் வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேல் மாடி வீடுகளில் தொட்டி தலைக்கு இரண்டு மீட்டர் மேலேதான் இருக்கும். அந்த உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.2 பார். ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் பல, 0.3 முதல் 0.5 பார் வரையாவது கேட்கும். அழுத்தம் போதாவிட்டால் தண்ணீர் மெல்ல வந்து, மெஷின் பாதியில் நின்றுவிடும்; சில மெஷின்கள் திரையில் IE என்று காட்டும். அதற்காக பிரஷர் பம்ப் வைத்தால் அந்தச் செலவும் விலையோடு சேரும். டாப் லோடுகளில் குறைந்த அழுத்தத்திலும் ஓடுபவை நிறைய இருக்கின்றன. அவசரத்துக்கு வாளியால்கூட ஊற்றலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஃப்ரண்ட் லோடுதான் வேண்டும் என்றால், கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மாடலின் வெளித்தொட்டி பிரிக்கக்கூடிய வகையா, அல்லது ஒட்டி மூடியதா? கூடுதல் வாரன்டிக்குப் பணம் கட்டினால் பேரிங், ஸ்பைடர், கேஸ்கட் மூன்றும் அதில் அடங்குமா, ரப்பர் பாகம் என்று சொல்லி விலக்கிவிடுவார்களா? இரண்டாவது கேள்விக்கான விடையை வாய்ச் சொல்லாக ஏற்காமல், வாரன்டி அட்டையில் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படித்த பிறகு பணத்தை எடுங்கள்.