கேட்டில் தொங்கும் பால் பையைக் கழற்றுவதற்கு முன்

மே மாதம் வந்தால் சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் சாமான் ஏற்றிய வண்டிகள் அதிகம் தென்படும். பள்ளி திறப்பதற்குள் புது வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கும். கேஸ் இணைப்பை மாற்றப் படிவம் உண்டு. வீட்டு அட்வான்ஸைத் திரும்பக் கேட்க வாடகை ஒப்பந்தம் உண்டு. விடிவதற்கு முன்பே கேட்டில் தொங்கும் பையில் பால் பாக்கெட் போட்டுவிட்டுப் போகிறவரிடமும், தோளில் தண்ணீர் கேனைச் சுமந்து மூன்று மாடி ஏறுகிறவரிடமும் மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. குடிவந்த முதல் வாரத்தில் "நாளையிலேர்ந்து ரெண்டு பாக்கெட் போடுங்கண்ணா" என்று சொன்னதோடு அந்த ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. அதை முடிக்கும்போதுதான் ஐம்பது, நூறு ரூபாய்க்கு மனக்கசப்பு வருகிறது.

எழுதிக்கொள்ளாததால் அங்கே ஒப்பந்தமே இல்லை என்று இரு தரப்புமே நினைப்பதுண்டு. அது சரியல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதுபோன்ற ஏற்பாட்டுக்கு எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. வாயால் பேசியதும் ஒப்பந்தம்தான். பேசாமலே இருவரும் மாதக்கணக்கில் நடந்துகொண்ட விதமும் ஒப்பந்தத்தின் பகுதிதான். ஆகவே கணக்கு முடிக்கும்போது "என்ன எழுதினோம்" என்று தேடுவதில் பயனில்லை. "இதுவரை எப்படி நடந்தது" என்று பார்த்தால் பெரும்பாலான சிக்கலுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் அரை லிட்டர் பாக்கெட் இரண்டு. பாக்கெட் 30 ரூபாய் என்றால் நாளைக்கு 60 ரூபாய். வீட்டுக்கு வந்து போடுவதற்கு மாதம் 60 ரூபாய் தனி. ஏப்ரல் வரை பாக்கி இல்லை. மே 18ஆம் தேதி காலைப் பால்தான் கடைசி என்று முடிவாகிறது. நடுவில் கோயில் திருவிழாவுக்காக ஊருக்குப் போனதால் 6, 7, 8 ஆகிய மூன்று நாளும் பால் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். 14ஆம் தேதி விருந்தாளி வந்ததால் இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கினார்கள்.

குடும்பத்தின் கணக்கு இப்படிப் போகிறது. பதினெட்டு நாளில் மூன்று நாள் கழித்தால் பதினைந்து நாள், அதற்கு 900 ரூபாய். கூடுதல் பாலுக்கு 60. போடுகிற கூலி பதினெட்டு நாளுக்கு மட்டும் 36. மொத்தம் 996. பால்காரர் சொல்வதோ 1,080. இடையில் இருக்கும் 84 ரூபாயில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதில் 60 ரூபாய், 6ஆம் தேதிப் பால். மீதி 24 ரூபாய், கூலியை நாள்கணக்கில் குறைப்பதா, முழுதாகத் தருவதா என்ற வித்தியாசம்.

6ஆம் தேதி நடந்தது என்ன? ஊருக்குக் கிளம்பும் பரபரப்பில் 5ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குத்தான் பால்காரருக்குப் போன் போயிருக்கிறது. மறுநாள் எத்தனை பாக்கெட் வேண்டும் என்பதை அவர் பெரும்பாலும் முந்தைய நாள் பகலிலேயே முகவரிடம் சொல்லிவிடுவார். விடியற்காலையில் வண்டி வந்ததும் சொன்ன எண்ணிக்கையை எடுத்தே ஆக வேண்டும். மிஞ்சிய பாக்கெட்டை அவரால் திருப்பித் தர முடியாது. அன்றைக்கே வேறு யாரும் வாங்காவிட்டால் அது அவர் கைநஷ்டம். எனவே இரவு ஒன்பது மணிக்கு வந்த தகவல் 6ஆம் தேதிக்குப் பொருந்தாது, 7ஆம் தேதியிலிருந்துதான் பொருந்தும். அந்த 60 ரூபாயைக் குடும்பம் தருவதுதான் நியாயம்.

கூலிக்கும் பதில் பழைய மாதங்களிலேயே இருக்கிறது. ஜனவரியில் பொங்கலுக்குப் பத்து நாள் வீடு பூட்டிக் கிடந்தபோது பாலுக்கு மட்டும் கழித்துவிட்டு, கூலி 60 ரூபாயை முழுதாகத் தந்திருக்கிறார்கள். அப்படியானால் அது மாதக் கூலி என்பது இருவருக்கும் தெரிந்த வழக்கம். அதையே அன்றைக்கு நாள்கணக்கில் குறைத்திருந்தால், இப்போதும் குறைத்துக் கேட்கலாம். இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை 1,080 தான் சரியான தொகை.

இப்படி நாள் நாளாகப் பேச முடிய வேண்டுமானால் குறித்துவைத்த தாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். பல வீடுகளில் பால் கணக்கைக் காலண்டரில் எழுதுகிறார்கள். தினம் ஒரு தாளாகக் கிழிக்கும் காலண்டரில் எழுதினால் மறுநாள் காலை கணக்கும் குப்பைக்குப் போய்விடும். ஒரு மாதம் முழுக்க ஒரே தாளில் இருக்கும் காலண்டரே இதற்கு ஏற்றது. பால் வந்த நாளையெல்லாம் குறிக்கத் தேவையில்லை. வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, கூடுதலாக வாங்கிய நாளில் எத்தனை பாக்கெட் என்ற எண், அவ்வளவு போதும். பால்காரரிடமும் ஒரு நோட்டு இருக்கும். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துவிடுவது நல்லது. சாமான் ஏற்றும் காலையில், வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அது நடக்காது.

அவர் நோட்டில் எழுதியிருப்பதே முடிவான தொகையா என்று சிலர் கேட்பார்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 28ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. தொழிலில் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தைச் சாட்சியமாகப் பார்க்கலாம். ஆனால் அதை மட்டுமே வைத்து ஒருவர் மீது கடன் சுமத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்திலும் இதே விதிதான் இருந்தது. எண்பது ரூபாய்க்காக யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை. ஆனாலும் நோட்டைக் காட்டி அதட்டுவதும், "எங்க, கையெழுத்து இருக்கா?" என்று கைவிரிப்பதும் இரண்டுமே செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டால் பேச்சு சூடாகாமல் முடியும்.

தண்ணீர் கேனில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே நாள்கணக்கு எளிது. இருபது லிட்டர் கேன் எத்தனை இறங்கியது என்று எண்ணினால் தீர்ந்தது. சண்டை வருவது கேனுக்குக் கொடுத்த அட்வான்ஸில்.

வீட்டிலிருக்கும் கேன் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. தண்ணீருக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். கேன் இரவலாக வருகிறது. அது திரும்பி வர வேண்டும் என்பதற்காக வாங்கி வைத்த தொகையே அட்வான்ஸ். கேன் நல்லபடியாகத் திரும்பினால் அந்தப் பணமும் திரும்ப வேண்டும். நாளாக நாளாகக் கீறல் விழுவதும் நிறம் மங்குவதும் இயல்பான தேய்மானம். அதற்காகப் பிடித்தம் செய்வது சரியல்ல. அடிப்பாகம் விரிசல் விட்டிருந்தாலோ, உள்ளே மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றி வைத்து வாடை ஏறியிருந்தாலோ அந்தக் கேனில் இனிக் குடிநீர் நிரப்ப முடியாது. அப்போது பிடித்தம் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

வேறொரு கம்பெனியின் கேன் கையில் இருப்பதால் எழும் தகராறும் உண்டு. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில், உரிமம் இல்லாமல் நிலத்தடி நீர் எடுத்த ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டுக் குடிநீர் கேன் உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுபோன்ற தட்டுப்பாட்டு நாட்களில் மக்கள் கிடைத்த கடையில் காலி கேனைக் கொடுத்து நிறைந்த கேனை வாங்குவார்கள். அங்கேயே கேன் மாறிவிடும். பின்னாளில் அதைத் திருப்பும்போது "இது எங்க கேன் இல்லீங்க" என்று பதில் வரும். காலி கேன் ஒவ்வொன்றையும் பெயர் பார்த்து எடுத்துப்போகிறவரா, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வேறொன்றை இறக்குகிறவரா என்பதே இதில் முக்கியம். இத்தனை நாளாகப் பெயர் பார்க்காமல் மாற்றிக்கொண்டவர் கடைசி நாளில் மட்டும் பெயரைக் காட்டி அட்வான்ஸை மறுப்பது பொருந்தாது.

கேன் போடுகிறவர் தன் லைனை, அதாவது அந்தப் பகுதி வாடிக்கையை, இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போயிருந்தால்தான் குழப்பம் அதிகம். புதியவர் "என்கிட்ட அட்வான்ஸ் குடுக்கலியே" என்பார். ஆள் மாறும் அன்றே "ரெண்டு கேனுக்கு 300 ரூபாய் அட்வான்ஸ் இருக்கு தம்பி, உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?" என்று கேட்டு, அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவைத்தால் பின்னால் வாதம் இருக்காது. அட்வான்ஸை யுபிஐ வழியாகச் செலுத்தியிருந்தால் போனிலிருக்கும் பழைய பரிவர்த்தனையைத் தேடி எடுத்துக் காட்டலாம்.

நடைமுறையில் எளிய வழி, அட்வான்ஸைக் கடைசிக் கணக்கிலேயே கழித்துக்கொள்வது. கேன் 40 ரூபாய், அந்த மாதம் ஐந்து கேன் இறங்கியிருக்கிறது என்றால் தர வேண்டியது 200. அட்வான்ஸ் 300 இருப்பதால் அவர் 100 ரூபாயைக் கொடுத்துவிட்டு இரண்டு காலி கேனையும் எடுத்துப்போக வேண்டும். கேனும் பணமும் ஒரே நேரத்தில் கைமாறட்டும். "கேனைக் கொடுங்க, காசு அப்புறம் போட்டுவிடறேன்" என்பதை ஒப்புக்கொண்டு ஊர் மாறிப் போனவர்களுக்கு அந்தப் பணம் வருவது அபூர்வம். இதற்காகக் கடைசிக் கேனிலுள்ள தண்ணீரை முந்தைய நாளே குடத்தில் ஊற்றி வைத்துவிட வேண்டும். பாதித் தண்ணீரோடு யாரும் கேனைத் திரும்ப வாங்க மாட்டார்கள்.

மாதச் சாப்பாடு எடுப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். ஒரே வித்தியாசம், அங்கே பணம் முன்கூட்டியே போயிருக்கும். அதனால் மீதி நாளுக்கான தொகை திரும்புமா என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும். சாப்பாடு வரும் அடுக்கு கேரியர் மெஸ்காரருடையது என்றால் மூடி உட்பட எண்ணிக் கொடுக்க வேண்டும்.

நிறுத்துவதை யாரிடம் சொல்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலையில் பாக்கெட் போடும் பையனிடம் சொன்னால் அது நோட்டுக்குப் போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. கணக்கு வைத்திருப்பவரிடம் குறைந்தது இரண்டு நாள் முன்பு போனில் பேசிவிட்டு, கையோடு ஒரு செய்தியும் அனுப்ப வேண்டும்: "அண்ணா, பேசின மாதிரி 18ஆம் தேதி காலைப் பால்தான் கடைசி. 19லேர்ந்து வேண்டாம். 16ஆம் தேதி சாயங்காலம் கணக்கு பாத்துடலாம்." பணம் தந்தபின் "மே 18 வரை 1,080 ரூபாய், பாக்கி இல்லை" என்று இன்னொரு வரி. அவர் "சரி" என்று பதில் போட்டால் ரசீதுக்கு அதுவே போதும்.

இவ்வளவு சொல்லியும் 19ஆம் தேதி காலையில் பாக்கெட் வந்து கிடக்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது: இனாமாகத் தரும் எண்ணமில்லாமல் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பொருளை இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டால், அதற்கு ஈடு தர வேண்டும். வேண்டாம் என்று சொல்லத் தடையில்லை. ஆகவே பாலைக் காய்ச்சிவிட்டால் 60 ரூபாய் தர வேண்டியதுதான். வேண்டாமென்றால் பாக்கெட்டை வெயிலில் விடாமல் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அவர் லைனை முடித்து வீடு திரும்புவதற்குள் போன் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்குள் சொன்னால், பாக்கெட் கேட்டு நிற்கும் வேறொரு வீட்டுக்கு அவரால் அதைக் கொடுத்துவிட முடியும்.