கல்லூரிக் குறும்பு மேடையேறும்போது

கல்யாண வரவேற்பில் நண்பனின் வாழ்த்துப்பாவுக்குக் கிடைப்பது, மெல்லிசைக் குழு இரண்டு பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்கும் நேரம்தான். மேடையோரம் மொய்க் கவரோடு வரிசை நிற்கும். பாதிப்பேரின் மனசு பந்தியில் இருக்கும். மூன்று நிமிடம் தாண்டினால் கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்குக் கட்டை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

வாழ்த்து மடல் நமக்குப் பழைய வழக்கம். கெட்டித் தாளில் விருத்தமாக அச்சடித்து, மணமேடையில் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்பார்கள். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களில் வாழ்த்துரைதான் பெரும்பகுதி நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். அண்ணா ஆட்சியில் 1967-ல் வந்த சட்டத்திருத்தம்தான் அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்தது. ஆனால் அந்த மடல்களில் மணமகன் எப்போதும் குன்றின்மேல் விளக்கு, மணமகள் எப்போதும் குலவிளக்கு. பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். மாப்பிள்ளைத் தோழன் எழுதுவது அப்படி இருக்க முடியாது. அவனிடம் இருக்கிற சரக்கு வேறு.

சரக்கு அதிகம் என்பதுதான் சிக்கல். நான்கு வருடக் குறும்பையும் அடுக்கினால் பின்வரிசையில் இருக்கும் பழைய விடுதிக் கூட்டம் மட்டும் விசிலடிக்கும். முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எனவே ஒரே ஒரு சம்பவம் போதும். அதில் மாட்டிக்கொள்கிறவன் கவிதை எழுதுகிறவனாக இருக்க வேண்டும், காப்பாற்றுகிறவன் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கிண்டலுக்குள்ளேயே அவன் குணமும் பெண்வீட்டாருக்குத் தெரியும். பழைய காதல், குடி, யாருக்கும் சொல்லாத அரியர் கணக்கு மூன்றும் மேடைக்கு ஆகாது. அரியரைச் சொல்லலாம் என்று சிலர் வாதாடுவார்கள். மாமனாருக்கு அது ஏற்கெனவே தெரியுமா என்று கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பொறியியல் கல்லூரி, 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். ஒருவன் விடுதி அறையில் தூங்க, இன்னொருவன் குரலை மாற்றி அவனுக்கும் சேர்த்து 'பிரசன்ட் சார்' சொல்கிறான். பிராக்ஸி என்றால் பட்டப்படிப்பு முடித்தவர் எல்லோருக்கும் புரியும். ஒருநாள் தூங்கியவன் பயந்துபோய் நிஜமாகவே வகுப்புக்கு வருகிறான். பெயர் கூப்பிட்டதும் பழக்கதோஷத்தில் நண்பன் முந்திக்கொள்ள, ஒரே பெயருக்கு இரண்டு பதில். இதை அறுசீர் விருத்தமாக்கினால்:

பெயரினைப் படிக்கும் போது பிறிதொரு குரலில் சொல்வாய்
அயர்ந்துநான் அறையில் தூங்க ஆளென எனக்கு நின்றாய்
பயந்துநான் வந்த நாளும் பழகிய வாயால் சொன்னாய்
உயிரவள் அழைக்கும் போதில் உன்குரல் ஒன்றே போதும்!

வரிக்கு ஆறு சொல். முதல் சொல்லும் நாலாவது சொல்லும் மோனையில் சேர்கின்றன: பெயரினை – பிறிதொரு, பயந்து – பழகிய. நான்கு வரிகளின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்து யகர வரிசை, அது எதுகை. புலமை காட்ட அல்ல, மைக்குக்காகத்தான் இவ்வளவும். மூன்றாவது சொல்லில் இயல்பாக ஒரு நிறுத்தம் விழும். நாலாவது சொல்லின் மோனை கேட்பவரை மறுபடி உள்ளே இழுக்கும். மண்டபத்து எதிரொலியில் ஓரிரு சொல் தொலைந்தாலும் ஓசையே வரியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். புதுக்கவிதையாக எழுதினால் இந்த உதவி கிடைக்காது. ஒவ்வொரு சொல்லும் காதில் தெளிவாக விழுந்தாக வேண்டும்.

முதல் மூன்று வரியும் நண்பர்கள் விஷயம். நாலாவது வரிதான் மணப்பெண்ணிடம் போகிறது. கல்லூரியில் நண்பனுக்காகக் குரல் மாற்றியவனிடம், இவள் கூப்பிட்டால் சொந்தக் குரலிலேயே பதில் சொல் என்கிறது. அந்தத் திருப்பம் மட்டும் இல்லையென்றால், தன் கல்யாண மேடையிலேயே தனக்குச் சம்பந்தமில்லாத கதை ஒன்றைக் கேட்டபடி பெண் புன்னகையைப் பிடித்துவைத்து நிற்க வேண்டியதுதான்.

வாசிப்பதற்கு முன் சம்பவத்தை இரண்டு வாக்கியத்தில் உரைநடையில் சொல்லிவிட வேண்டும். பிராக்ஸி தெரியாத பாட்டிக்கு விருத்தம் விளக்கம் சொல்லாது. பிறகு மெதுவாக ஒரு முறை, கடைசி வரியை மட்டும் இரண்டு முறை.

சட்டம் போடக் கொடுக்கும் முன்பு பிரதியைப் பெண்ணின் அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டிவிடுவது நல்லது. அவர்கள் முகம் எந்த வரியில் இறுகுகிறதோ, அந்த வரியை அன்றைக்கே அடித்துவிடலாம். அச்சானபின் அது மாப்பிள்ளை வீட்டு ஹாலில் தொங்கும்.