திடீரென பாலைக் குறைத்த மாடு... வயிற்றுக்குள் ஆணியா? 'ஹார்ட்வேர் நோய்' ஏமாற்றுவது எப்படி?

காலையில் 6 லிட்டர் கறந்த பசு, மாலையில் ஒரு லிட்டர்கூட தரவில்லை. தீவனத் தொட்டி அப்படியே கிடக்கிறது. அசை போடுவதும் நின்றுவிட்டது. வீட்டில் இருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அஜீரணமா இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்."

பல நேரங்களில் அது உண்மையாகவே அஜீரணம்தான். ஆனால் சில மாடுகளின் வயிற்றுக்குள் ஓர் ஆணியோ, ஒரு துண்டு கட்டுக்கம்பியோ குத்திக்கொண்டிருக்கும். இதைத்தான் கால்நடை மருத்துவத்தில் 'ஹார்ட்வேர் நோய்' என்கிறார்கள். ஹார்ட்வேர் கடையில் விற்கும் பொருட்கள் மாட்டின் வயிற்றில் கிடைப்பதால் வந்த பெயர். பசு, எருமை இரண்டுக்குமே வரும்.

இந்த நோயில் சிக்கலே, இரண்டு மூன்று நாளில் மாடு தேறியது போலத் தெரிவதுதான். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஆணியை மாடு ஏன் துப்புவதில்லை?

ஆடு உதட்டால் இலையைப் பொறுக்கித் தின்னும். மாடு அப்படியில்லை. நாக்கைச் சுழற்றி ஒரு பிடி வைக்கோலை வாரி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். நிதானமாக மெல்லுவது எல்லாம் பிறகு அசை போடும்போதுதான். வைக்கோலுக்குள் ஒரு கம்பி இருந்தால் வாயில் அது தனியாகத் தெரியாது.

உள்ளே போன கனமான பொருள், மாட்டின் நான்கு அறை வயிற்றில் இரண்டாவது அறையில் வந்து தங்குகிறது. ரெட்டிகுலம் எனப்படும் இந்த அறையின் உட்சுவர், தேன்கூடு மாதிரி குழி குழியாக இருக்கும். மழுங்கிய போல்ட், நட்டு என்றால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே சும்மா கிடக்கும். கூரான ஆணி என்றால் கதையே வேறு. இந்த அறை ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை இறுக்கிச் சுருங்கும். ஒவ்வொரு சுருக்கமும் ஆணிக்கு ஒரு சின்ன சுத்தியல் அடி.

அந்த அறைக்கு முன்னால் இருப்பது உதரவிதானம். அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தொலைவிலேயே இதயம். ஒரு நீள ஆணி எட்டிவிடக்கூடிய தூரம்தான் அது.

ஒரு மாட்டுக்கு என்னவெல்லாம் நடக்கும்?

இந்த நோய் வழக்கமாகப் போகும் பாதையை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு வீட்டில் இரண்டு கலப்பினப் பசுக்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு கொட்டகையின் பழைய கீற்றைப் பிரித்துவிட்டுத் தகரக் கூரை போட்டார்கள். பழைய ஆணிகளும் கட்டுக்கம்பித் துண்டுகளும் கீழே சிதறின. பெருக்கி அள்ளியதில் பாதி போனது. மீதி, வைக்கோல் போட்டு வைத்திருந்த மூலையில் கலந்துவிட்டது.

முதல் நாள் ஒரு பசு திடீரென பாலைக் குறைக்கிறது. முதுகை லேசாக வளைத்து, முன்னங்கால் முட்டிகளை உடம்போடு ஒட்டாமல் வெளிப்பக்கமாக விரித்து நிற்கிறது. படுக்கவே தயங்குகிறது. படுக்கும்போதும், சாணம் போடும்போதும் 'ம்ம்' என்று ஒரு முனகல். சரிவில் இறங்கச் சொன்னால் கால் எடுத்து வைக்காது. இறங்கும்போது வயிற்றின் எடை முன்பக்கம் சாய்ந்து, ஆணி இன்னும் அழுத்தும். காய்ச்சல் 103, 104 டிகிரி பாரன்ஹீட் வரை போகலாம். மாட்டின் சாதாரண வெப்பம் 101.5-ஐ ஒட்டி இருக்கும். இடது விலாப் பக்கம் லேசான உப்புசமும் தெரியலாம்.

வீட்டில் வெற்றிலை, மிளகு, இஞ்சி அரைத்துக் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் மாடு கொஞ்சம் தீவனம் எடுக்கிறது. பாலும் சற்று ஏறுகிறது. "பார்த்தீங்களா, அஜீரணம்தான்" என்று எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் மருந்தால் வந்த தேறுதல் இல்லை அது. ஆணி துளைத்த இடத்தைச் சுற்றி உடம்பே ஒரு ஒட்டுச் சவ்வை உருவாக்கி அந்தக் காயத்தை மூடப் பார்க்கிறது. அதனால் முதல் நாளின் கடும் வலி அடங்குகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் ஆணி திரும்ப வயிற்றுக்குள்ளேயே விழுந்து, காயம் ஆறிவிடும். இல்லையென்றால் ஆணி முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், வெளியே எந்த சத்தமும் இல்லாமல்.

சில வாரம் கழித்து மாடு மறுபடி மெலிகிறது. அலைதாடியிலும் தாடைக்குக் கீழேயும் நீர் கோத்து வீங்குகிறது. வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். கழுத்தின் பக்கவாட்டு நரம்பு கயிறு மாதிரி புடைத்துத் தெரிகிறது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்தால் இதயத் துடிப்பு தெளிவாகக் கேட்காது. எங்கோ தூரத்தில் இருந்து வருவது போல மங்கலாக, சில நேரம் தண்ணீர் சலசலப்பது போல இருக்கும். ஆணி இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் கிருமிகளைக் கொண்டுபோய்விட்டது, அங்கே சீழ் கட்டிவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்துக்கு வந்த மாடு பிழைப்பது அரிது.

அதே மாட்டை முதல் மூன்று நாளுக்குள் காட்டியிருந்தால், பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

சினை மாடு என்றால் கூடுதல் கவனம்

எப்போதோ விழுங்கிய ஆணி, கன்று ஈனும் சமயத்தில் பிரச்னை கொடுப்பதும் உண்டு. வளர்ந்த கருப்பை வயிற்றை முன்பக்கம் தள்ளுகிறது. கன்று ஈனும்போது மாடு முக்குகிறது. அதுவரை சும்மா கிடந்த கம்பி அந்த அழுத்தத்தில் குத்திவிடும். கன்று போட்ட மாடு தீவனம் எடுக்காவிட்டால் 'ஈன்ற சோர்வு' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

அஜீரணமா, ஆணியா? எப்படித் தெரியும்?

மருத்துவர்கள் செய்யும் ஓர் எளிய சோதனை உண்டு. மாட்டின் திமில் இருக்கும் இடத்தில், முதுகுத் தோலை இரண்டு கையாலும் இறுக்கிக் கிள்ளுவார்கள். வலி இல்லாத மாடு முதுகைக் கீழே அமுக்கி நெளியும். நெஞ்சுப் பகுதியில் வலி உள்ள மாடு அமுக்காது. விறைத்து நிற்கும், அல்லது முனகும்.

இன்னொன்று, கம்பு சோதனை. ஒரு கம்பை மாட்டின் அடியில், முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்செலும்பு முடியும் இடத்தில் வைத்து, இரண்டு பக்கமும் ஒருவர் பிடித்து மெதுவாகத் தூக்கி, சட்டென்று இறக்குவார்கள். ஆணி இருந்தால் அந்த நேரத்தில் மாடு முனகும்.

ஆனால் இவை வலி இருப்பதை மட்டுமே சொல்லும், ஆணி இருப்பதைச் சொல்லாது. மெட்டல் டிடெக்டரிலும் ஒரு வம்பு உண்டு. சும்மா கிடக்கும் போல்ட்டுக்கும் அது சத்தம் போடும். குத்திக்கொண்டிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எக்ஸ்ரேவும் ஸ்கேனும்தான் அதைத் தெளிவாகக் காட்டும். அந்த வசதி பெரிய கால்நடை மருத்துவமனைகளில் இருக்கும். அதுவரை அறிகுறிகளை வைத்தே சிகிச்சை தொடங்கிவிடுவார்கள்.

மாட்டை நடத்திக் கூட்டிப்போவது வலியைக் கூட்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவையைக் கேட்கலாம்.

காந்தம் என்ன செய்யும்?

சிகிச்சையில் முதல் இடம் காந்தத்துக்கு. விரல் நீளத்தில், முனை மழுங்கிய, வழவழப்பான உருளைக் காந்தம் அது. மாத்திரை மாதிரி தொண்டை வழியாக உள்ளே செலுத்துவார்கள். கனமாக இருப்பதால் அதுவும் அதே இரண்டாவது அறைக்குப் போய்ச் சேரும். ஆணியைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க அங்கேயே இருக்கும், வெளியே எடுக்கத் தேவையில்லை.

கூடவே சில நாட்களுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி. மாட்டைக் கட்டிப்போட்டு, முன்னங்கால்கள் இருக்கும் இடத்தை ஒரு சாண் அளவுக்கு மண் போட்டு உயர்த்திவிடுவார்கள். உடம்பு பின்பக்கம் சரிவதால் ஆணி முன்னோக்கிப் போகும் அழுத்தம் குறையும். சில நாளில் தேறவில்லை என்றால் அறுவை சிகிச்சைதான். இடது விலாவில் திறந்து, பெரிய வயிற்றுக்குள் கையை விட்டு, இரண்டாவது அறையைத் துழாவி ஆணியை எடுப்பார்கள்.

காந்தத்துக்கும் எல்லை உண்டு. சுவரைத் துளைத்து முழுசாக வெளியே போய்விட்ட ஆணியை அதனால் இழுக்க முடியாது. செம்பு, அலுமினியக் கம்பி அதில் ஒட்டவே ஒட்டாது. அதனால்தான், நோய் வருவதற்கு முன்பே, கிடாரிக்கு ஒரு வயது ஆகும் வாக்கில் ஒரு காந்தம் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். ஒரு மாட்டுக்கு ஒன்று போதும். வாங்கிய மாட்டுக்கு ஏற்கெனவே காந்தம் உண்டா என்று பார்க்க, இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், அடிப்பக்கமாக ஒரு திசைகாட்டியைக் கொண்டுபோனால் போதும். முள் சட்டென்று திரும்பினால் உள்ளே காந்தம் இருக்கிறது.

'பழைய ஸ்பீக்கர்ல இருக்கற காந்தத்தையே கொடுத்தா என்ன?' என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். அது வட்டமானது, உடைந்தால் கூரான சில்லாகும். ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு குச்சியின் முனையில் கட்டி, கூரை வேலை நடந்த இடத்தையும் வைக்கோல் மூலையையும் தரையோடு தடவினால், துடைப்பத்துக்குத் தப்பிய ஆணி எல்லாம் அதில் வந்து ஒட்டும்.

கம்பி எங்கிருந்து வருகிறது?

கட்டுமான வேலை தவிர இன்னும் சில இடங்கள் உண்டு. போகிக்கு டயர் எரித்த இடம் அதில் ஒன்று. ரப்பர் எரிந்து போகும், உள்ளே இருந்த எஃகுக் கம்பிகள் சாம்பலோடு அப்படியே கிடக்கும். கம்பி வைத்துக் கட்டிய மாலைகளைக் குப்பையில் போட்டால், பூவோடு சேர்த்து மாடு அதையும் தின்னும். தீவனம் நறுக்கும் இயந்திரம் எல்லாவற்றையும்விட மோசம். சோளத்தட்டையோடு ஒரு முழ வேலிக்கம்பி உள்ளே போனால், ஒரு கம்பி பத்து ஊசியாக வெளியே வரும். இயந்திரத்தின் தீவனம் விழும் வாயில் ஒரு பட்டைக் காந்தம் பொருத்தி, தினமும் துடைத்துப் பார்ப்பது அதற்கு வழி.

அந்த உதாரண வீட்டில் இரண்டாவது பசுவும் அதே மூலை வைக்கோலைத்தான் இரண்டு மாதமாகத் தின்றிருக்கிறது. அது இன்னும் நன்றாகக் கறக்கிறது, அசை போடுகிறது. காந்தம் கொடுக்க ஏற்ற நேரம் அதற்கு இதுதான்.