பவர் சரி, மையம் தப்பு

புதுக் கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது என்று கடைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் கிடைக்கும். "பவர் செக் பண்ணிட்டோம், சரியாத்தான் இருக்கு" என்பது ஒன்று. "போடப் போடப் பழகிடும்" என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். பவர் கூடினாலோ ஃப்ரேமின் அமைப்பு மாறினாலோ முதல் சில நாட்கள் தரை சாய்ந்தும் படிக்கட்டு விலகியும் தெரிவது இயல்பு. ஒன்றிரண்டு வாரத்தில் அது தணிந்துவிடும். ஆனால் பவர் துல்லியமாக இருந்தும் கண்ணாடி தவறாகச் செய்யப்பட்டிருக்க முடியும். வாடிக்கையாளர் இதை அறியாமல் "தலை சுற்றுது, மாத்திக் கொடுங்க" என்று மட்டும் எழுதினால், கடைக்காரர் பவரை மறுபடி பார்த்துவிட்டு அதே பதிலைத்தான் சொல்வார்.

ஒவ்வொரு லென்ஸிலும் ஒளி வளையாமல் நேராகப் போகும் புள்ளி ஒன்று உண்டு. அதுதான் லென்ஸின் மையம். நேராகப் பார்க்கும்போது அந்தப் புள்ளி கண்மணிக்கு முன்னால் இருக்கவேண்டும். இதற்காகத்தான் இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தை அளக்கிறார்கள். கடைகளில் அதைப் பி.டி. என்பார்கள். கடையில் பவரைப் பார்க்கும் லென்ஸோமீட்டரில் ஒரு லென்ஸை வைத்தால் மைனஸ் 5 என்று சரியாகக் காட்டும். அந்த லென்ஸை ஃப்ரேமுக்குள் எந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. மையத்தைக் குறித்து அளந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 5, பி.டி. 60 மி.மீ. அவர் எடுத்த ஃப்ரேமின் காம்பின் உட்புறம் 50, 16 என்று போட்டிருக்கிறது. லென்ஸின் அகலம் 50 மி.மீ., மூக்குப் பாலம் 16 மி.மீ. என்று அர்த்தம். பி.டி.யை அளக்காமல், லென்ஸின் மையம் ஃப்ரேம் ஓட்டையின் நட்டநடுவில் வரும்படி வெட்டிவிட்டால் இரண்டு மையங்களுக்கும் இடையே 66 மி.மீ. வந்துவிடும். 6 மி.மீ. அதிகம். அதைச் சென்டிமீட்டராக்கிப் பவரால் பெருக்கினால், 0.6 பெருக்கல் 5, ஆக 3 பிரிசம். ஒரு பிரிசம் என்பது ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளை ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காட்டும் வளைவு. இரண்டு கண்ணும் பார்க்கும் படங்கள் இவ்வளவு விலகிவிட்டதால், அவற்றை ஒன்றாக்க இந்தப் பெண்ணின் கண்கள் வெளிப்பக்கமாகத் திரும்பவேண்டியிருக்கிறது. உள்பக்கம் திரும்புவது கண்ணுக்கு அன்றாட வேலை, படிக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்கிறது. வெளிப்பக்கம் விரியும் ஆற்றல் நமக்கு மிகக் குறைவு. நாள் முழுக்க அந்த ஆற்றலைப் பிழிந்தால் நெற்றி வலிக்கும், தலை கிறுகிறுக்கும், குமட்டும்.

அமெரிக்காவில் கண்ணாடித் தயாரிப்புக்குப் பின்பற்றப்படும் ஏ.என்.எஸ்.ஐ. இசட் 80.1 தரவிதி, இந்த அளவு பவருக்குப் பக்கவாட்டில் 2.5 மி.மீ. வரைதான் பிசகை அனுமதிக்கிறது. 6 மி.மீ. அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பழகிக்கொள்ளச் சொல்லக்கூடிய பிசகு அல்ல இது.

இந்தக் கோளாறு தன்னை இரண்டு விதமாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டால் தொந்தரவு சட்டென்று குறையும், ஏனென்றால் ஒன்றாக்குவதற்கு இரண்டாவது படம் இல்லை. நம் கணக்கில் இருப்பதுபோல் மையங்கள் விலகிப்போன மைனஸ் கண்ணாடியில், பஸ் போர்டையும் டி.வி.யையும் பார்க்கும்போது சிரமமாக இருக்கும், புத்தகம் படிக்கும்போது அவ்வளவாக இருக்காது. கண்ணாடியைக் கழற்றியும் தலை சுற்றினால், படுக்கையில் புரளும்போது சுற்றினால், கடைக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. மருத்துவரிடம் போகவேண்டும்.

மையத்தை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். வெள்ளைத் தாளில் பெரிதாக ஒரு கூட்டல் குறி போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து ஒரு லென்ஸ் வழியாக அதைப் பாருங்கள். லென்ஸுக்குள் தெரியும் கோடுகள் வெளியே தெரியும் கோடுகளோடு ஒடியாமல் சேரும்வரை கண்ணாடியை மெல்ல நகர்த்துங்கள். சேரும்போது குறி எங்கே வெட்டுகிறதோ அதுதான் மையம். அங்கே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அடுத்த லென்ஸிலும் அப்படியே செய்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஸ்கேலால் அளக்கலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் வரும், 6 மி.மீ. வராது. குறுக்கு அச்சில் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குக் கோடுகள் சாய்ந்து தெரியும் என்பதால் இந்த முறை சரிப்படாது. ப்ரோக்ரெஸிவ் லென்ஸுக்கும் இது ஒத்துவராது, கடையில்தான் குறித்துப் பார்க்கவேண்டும். உங்கள் பி.டி.யைக் கண் பரிசோதனை செய்பவரிடமே அளந்து, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் கடிதம் இப்படி அமையும்:

"ஐயா, வணக்கம். 10.2.2025 அன்று தங்கள் கடையில் ஃப்ரேமும் மைனஸ் 5 லென்ஸும் வாங்கினேன். பில் நகலை இணைத்துள்ளேன். கண்ணாடியைப் போட்ட நாளிலிருந்து, தூரத்தில் பார்க்கும்போது தலைசுற்றலும் நெற்றி வலியும் இருக்கின்றன. ஒரு கண்ணை மூடினால் குறைகின்றன. பழைய கண்ணாடியில் இத்தொந்தரவு இல்லை. கண் மருத்துவமனையில் மீண்டும் பரிசோதித்ததில் பவர் மாறவில்லை. அங்கு அளந்த பி.டி. 60 மி.மீ., இக்கண்ணாடியில் லென்ஸ் மையங்களின் இடைவெளி 66 மி.மீ. அந்தச் சீட்டையும் இணைத்துள்ளேன். ஆர்டர் கொடுத்தபோது எனக்குப் பி.டி. அளக்கப்படவில்லை. என் முன்னிலையில் மையங்களைக் குறித்துச் சரிபார்த்து, இதே ஃப்ரேமில், இதே வகை லென்ஸை 60 மி.மீ. பி.டி.க்குக் கட்டணமின்றிச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏழு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்."

'புதிதாகச் செய்து தாருங்கள்' என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ஃப்ரேமின் வடிவத்துக்கு வெட்டிய லென்ஸில் மையத்தை நகர்த்த முடியாது. காம்பை வளைத்தும் மூக்குத் தாங்கியைச் சரிசெய்தும் 6 மி.மீ. பிசகு போகாது. இரண்டு லென்ஸும் புதிதாகத்தான் வெட்டப்படவேண்டும், அதனால்தான் கடைகள் தயங்குகின்றன. பி.டி. எண்ணை நீங்களே தப்பாகக் கொடுத்திருந்தாலோ, மருத்துவர் சீட்டில் பவரே தப்பாக இருந்தாலோ பொறுப்பு கடையுடையது அல்ல. அதனால்தான் கடிதத்தில் மறுபரிசோதனை பற்றிய வரி அவசியமாகிறது.

கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள், அல்லது பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாதபோது 30 நாட்களுக்குள், பணத்தைத் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடவேண்டும்.

கடை ஒப்புக்கொண்டு புதுக் கண்ணாடியைத் தரும் அன்று, லென்ஸோமீட்டரில் மையங்களைக் குறிக்கச் சொல்லி, புள்ளிகளுக்கு இடையே 60 மி.மீ. இருப்பதைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.