படத்தில் இருப்பது எந்த ஊர் விளக்கு?

கும்பகோணத்தில் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த என் தங்கை, பரணிலிருந்து இறக்கிய மூன்று விளக்குகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, லோஹேகாவில் இருக்கும் எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு கேள்வி. "அண்ணா, இதில் அம்மாவின் நாச்சியார்கோவில் விளக்கு எது? அன்னப்பட்சி இருப்பதுதானே? அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடைக்குப் போட்டுவிடட்டுமா? பாத்திரக்காரர் நாளை வருகிறார்."

நம்மில் பலரும் அன்னத்தைப் பார்த்தவுடன் குத்துவிளக்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கோ படத்தில் ஏதோ ஒன்று இடித்தது. நாளைவரை பொறு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் திரிகளை எண்ணப் பார்த்தேன். எரியும் சுடரை எண்ணிப் பயனில்லை. ஐந்து முக விளக்கில் ஒரு முகம் மட்டும் ஏற்றுவதும் உண்டு. எண்ண வேண்டியது தட்டின் விளிம்பில் திரி படுக்கும் மூக்குகளை. நேர் எதிரே ஒரு மூக்கு தெரிந்தால் கணக்கு எளிது. ஐந்து மூக்கு என்றால் அடுத்த இரண்டும் ஏறக்குறைய தட்டின் இடது, வலது ஓரத்துக்கே போய்விடும். ஏழு என்றால் அவை நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள தூரத்தில் முக்கால் பங்கில் நிற்கும். ஓரத்தை ஒட்டிச் சற்றுப் பின்னால் இன்னொரு ஜோடி தெரியும். அன்ன விளக்குக்கு ஐந்து மூக்கு. அதன் பக்கத்தில், உச்சியே இல்லாமல் மொட்டையாக நின்ற இரண்டாவது விளக்குக்கும் ஐந்து. மூன்றாவதற்கு மூக்கே இல்லை. வட்டமான, ஆழம் குறைந்த தட்டு. உச்சியிலும் பறவை இல்லை, கூம்பு மட்டுமே. அடி அகலமாக, தட்டையாக இருந்தது. மலையாளத்து நிலவிளக்கு அது. பாலக்காட்டு அத்தை கொடுத்தது என்று உடனே நினைவு வந்தது.

மிச்சம் இரண்டு. இங்கே திரி எண்ணிக்கை கைவிட்டுவிடும். ஏனென்றால் நம் மராட்டிய அண்டை வீடுகளில் சுவாமி முன்னால் ஜோடியாக வைக்கும் 'சமயீ' விளக்குக்கும் ஐந்து மூக்கு வருவது சகஜம். உச்சியில் அன்னமோ மயிலோ உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஆகவே அடியையும் தண்டையும்தான் பார்க்க வேண்டும். அன்ன விளக்கின் அடி, சிந்தும் எண்ணெயைத் தாங்குகிற தாம்பாளம் போல விளிம்பு தூக்கிய வட்டத்தட்டு. தண்டு ஒல்லி, நெருக்கமான வளையங்கள். அது சமயீ! பல வருடங்களுக்கு முன் நானே புனேயில் வாங்கி ஊருக்கு எடுத்துப்போனதுதான், அடியோடு மறந்திருந்தேன்.

மொட்டை விளக்கின் அடியோ மணியைக் கவிழ்த்தது போலப் படிப்படியாக உயர்ந்து, கனத்த தண்டில் போய்ச் சேர்ந்தது. நாச்சியார்கோவில் வேலையில் அடி, தண்டு, தட்டு, உச்சிப் பகுதி நான்கையும் தனித்தனியாக மண் அச்சில் வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு முடுக்குவார்கள். அதனால் உச்சி கழன்று தொலைவது சுலபம். ஒரு விளக்கின் அன்னம் இன்னொன்றின் தலையில் ஏறிவிடுவதும் அதனால்தான். படம் பார்த்து விளக்கை அடையாளம் சொல்பவர் உச்சி அலங்காரத்தைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும்.

ஆனாலும் தங்கை அனுப்பியது நின்றபடி மேலிருந்து எடுத்த படம். அப்படி எடுத்தால் தட்டு பெருத்து, அடி சிறுத்துத் தெரியும். அதனால் வேறு படங்கள் கேட்டேன். தட்டின் உயரத்துக்கு இறங்கி, ஆறேழு அடி தள்ளி நின்று ஒன்று. மூக்குகள் தெரிய நேர் மேலிருந்து ஒன்று. பக்கத்தில் ஓர் அடி ஸ்கேல். அடியைக் கவிழ்த்தும் ஒன்று, இதுதான் முக்கியம். வார்ப்பு விளக்கின் உட்புறத்தைப் பெரும்பாலும் கடைசல் பிடிப்பதில்லை. மணலின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். தகட்டில் அழுத்திச் செய்ததானால் உள்ளும் வழவழப்பாக, வெளி வளைவின் மறுபக்கமாகவே தெரியும். எடையையும், பித்தளையா ஓடா என்பதையும் படம் சொல்லாது. புளி போட்டுத் தேய்த்த விளக்கின் நிறத்தை வைத்து வயது சொல்வதும் வீண்.

இரவு ஒன்பது மணிக்குப் படங்கள் வந்தன. மொட்டை விளக்கின் அடிக்குள் மணல் சொரசொரப்பு. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துக்கள்: அம்மாவின் பெயரும் தாத்தாவின் இனிஷியலும். தட்டின் நடுவில் தண்டின் மரை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதைத்தானே அண்ணா எடைக்கு எடுத்து வைத்திருந்தேன்" என்றாள் தங்கை. குரல் கம்மியிருந்தது.

புது அன்னம் வாங்கி வைக்கலாம் என்றாள். கடையில் வாங்கும் அன்னத்தின் மரை பழைய தண்டில் ஏறும் என்று நிச்சயமில்லை. பட்டறைக்குப் பட்டறை மரை மாறும். பலவந்தமாகத் திருகினால் பழைய மரை நசுங்கும். விளக்கையே நாச்சியார்கோவில் பட்டறைக்கு எடுத்துப்போய், அந்த மரைக்குப் பொருத்தமாக அன்னத்தில் மரை வெட்டித் தரச் சொல் என்றேன். சமயீயை என்ன செய்வது என்று கேட்டாள். அடுத்த முறை வரும்போது புனேக்கே எடுத்து வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த மூன்று வகையோடு நின்றுவிட விருப்பமில்லாத வாசகர்கள், புனே சுக்ரவார் பேட்டையில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிறு போய்வரலாம். அதை உருவாக்கிய கேல்கர் 1961-ல் இந்திய விளக்குகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர். அங்கே போனால் எல்லா விளக்கையும் அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.