890 என்றால் இந்தியாவில் செய்ததா?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. பார்கோடு எண் 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு, 690 முதல் 699 வரை என்றால் சீனச் சரக்கு என்கிறது அது. அதை நம்பி, காரியாபட்டி மளிகைக் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, “அண்ணாச்சி, இது நம்ம நாட்டுச் சரக்குதானே?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு அது தெரியாது.

890 என்பது ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு வழங்கும் எண்களின் முன்னொட்டு. நிறுவனம் எங்கே பதிவு செய்து எண் வாங்கியது என்பதை மட்டுமே அது காட்டும். இங்கே எண் வாங்கியவர் வெளிநாட்டில் செய்த பொருளிலும் அதையே அச்சிடலாம்.

பாக்கெட்டை உற்றுப் பாருங்கள். 13 இலக்கங்களில் முதலாவதான 8 மட்டும் கோடுகளுக்கு வெளியே, இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். அதற்கெனத் தனிக் கோடுகள் கிடையாது. அடுத்த ஆறு இலக்கங்களின் கோடுகள் எந்த முறையில் வரையப்பட்டுள்ளன என்பதைக் கொண்டே ஸ்கேனர் அந்த 8-ஐக் கண்டுகொள்கிறது.

890-க்குப் பின் நிறுவனத்தின் எண்ணும், அது தன் பொருளுக்குக் கொடுத்த எண்ணும் வருகின்றன. நிறைய பொருள் செய்யும் நிறுவனத்துக்குச் சிறிய எண் கிடைக்கும். அப்போதுதான் பொருள்களுக்கு இடம் மிஞ்சும். 100 கிராம் பாக்கெட்டுக்கு ஓர் எண், 200 கிராமுக்கு வேறு எண்.

கடைசி இலக்கம் காவல்காரர். 890123456789 என்று மாதிரிக்கு 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று விட்டு ஒன்றாக 8, 0, 2, 4, 6, 8 கூட்டினால் 28. மற்றவை 9, 1, 3, 5, 7, 9 கூட்டினால் 34. மூன்றால் பெருக்க 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே 13-வது இலக்கம். இங்கே குறைவே இல்லை, ஆகவே 0. ஓர் இலக்கம் தவறினால் கணக்கு நிச்சயம் இடிக்கும். ஸ்கேனர் ‘பீப்’ சொல்லாது. கோடு கசங்கி, எண்ணைக் கையால் தட்டும்போது மட்டும் ஒரு சந்து உண்டு: அடுத்தடுத்த 1-ம் 6-ம் இடம் மாறினால் கூட்டல் சரியாகப் பத்து வேறுபடும், தவறு பிடிபடாது. ஐந்து வித்தியாசமுள்ள எந்த ஜோடிக்கும் இதே கதைதான்.

விலையும் காலாவதித் தேதியும் இந்த எண்ணில் இல்லை. ஸ்கேனர் தருவது வெறும் எண். விலை கடைக் கணினியின் பட்டியலில் இருக்கிறது. எம்.ஆர்.பி. ஏறிய பின்னும் அதே எண் தொடர்ந்தால், பழைய சரக்கும் புதுச் சரக்கும் கணினிக்கு ஒன்றுதான். அதனால் பில் போடுபவர் பாக்கெட்டைப் பார்த்து விலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நீங்களும் பாக்கெட்டில் உள்ள எம்.ஆர்.பி.யையும் பில்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கே செய்தது என்று அறிய, பாக்கெட்டில் பொடி எழுத்தில் உள்ள தயாரிப்பாளர் முகவரியைப் படியுங்கள். இறக்குமதிச் சரக்கென்றால் எந்த நாடு என்பதும் அங்கேதான் அச்சாகியிருக்க வேண்டும்.